அலமாரிப் படத்திலிருந்து நூற்பட்டியல்

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் வீட்டில் நான்கு மர அலமாரி நிறையப் புத்தகங்கள். அவற்றை ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டார் முடிவு செய்கிறார்கள். பட்டியல் போடத் தெரிந்தவர் வேறு ஊரில் இருக்கிறார். வீட்டில் இருப்பவருக்கு ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பெயர் எழுத நேரமில்லை. செல்பேசியில் தட்டுத் தட்டாகப் படம் எடுத்து அனுப்ப மட்டும் முடியும். இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட படங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்காக எழுதப்பட்டது.

வேலையின் பெரும்பகுதி படம் எடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. இன்றைய செல்பேசிகளில் பரவலாக உள்ள 12 மெகாபிக்சல் படம் அகலவாக்கில் ஏறத்தாழ 4000 புள்ளிகள் கொண்டது. 90 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தட்டை முழுசாக ஒரே படத்தில் அடக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு நாலரைப் புள்ளிகூடத் தேறாது. புத்தகத்தின் முதுகில் 4 மில்லிமீட்டர் உயரத்தில் அச்சான எழுத்துக்கு 18 புள்ளிகளுக்கும் குறைவாகவே கிடைக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளை அதில் சமாளித்துப் படித்துவிடலாம். தமிழில் புள்ளியும் சுழியும் அந்த அளவில் கரைந்துவிடும். அதே தட்டைப் பாதி பாதியாக இரண்டு படமாக எடுத்தால் எழுத்துக்கு 30 புள்ளிக்கு மேல் கிடைக்கிறது. பெரும்பாலான முதுகுகளைப் படிக்க இது போதும். இரண்டு படங்களும் நடுவில் நாலைந்து புத்தகங்கள் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். ஏன் என்பது கொஞ்சம் பின்னால் தெரியும்.

ஃபிளாஷ் வேண்டாம். லேமினேஷன் போட்ட அட்டையில் அது வெள்ளைப் பட்டையாக விழுந்து, தலைப்பின் நட்டநடுவை விழுங்கும். கேமராவைத் தட்டின் உயரத்துக்கே இறக்கி, நேராகப் பிடிக்கச் சொல்ல வேண்டும். கீழ்த் தட்டை நின்றபடியே எடுத்தால் மேல்பலகை புத்தகங்களின் தலையை மறைத்துவிடும். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் எடுத்த அளவிலேயே வந்து சேரும். வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதற்கு மேல் சொன்னால் எதையும் செய்யமாட்டார்கள்.

படம் வந்ததும் தலைப்புகளைப் படிக்கத் தொடங்கிவிடக் கூடாது. முதலில் எண்ண வேண்டும். இடமிருந்து வலமாக முதுகுகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இட எண் போட்டு, அத்தனை வரிகளையும் வெறுமையாகவே எழுதிவிட வேண்டும். தட்டில் 38 முதுகு தெரிந்தால் பட்டியலில் 38 வரி. பிறகுதான் பெயர். தெரிந்த பெயர்களை மட்டும் மளமளவென்று எழுதிக்கொண்டு போகிறவர்கள் தெரியாதவற்றைத் தாண்டிப் போவதைத் தாங்களே கவனிப்பதில்லை. தாண்டப்பட்ட நூல் பட்டியலில் இல்லாத நூல். அது இருந்தது என்பதற்கே பிறகு சாட்சி இருக்காது.

நம் பதிப்பாசிரியர்கள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டார்கள். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அதற்காக யாரும் எண்ணை நெருக்கிப் போடவில்லை; 266க்கு அடுத்துக் கிடைத்த பாட்டு இன்றும் 269தான். சுவடி சிதைந்து சொல் போன இடத்தில் புள்ளிகளை இட்டார்கள். இல்லாததற்கும் ஓர் இடம் உண்டு என்ற அந்த முறையே அலமாரிப் பட்டியலுக்கும் போதுமானது.

இட எண்ணை எழுதும் விதத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. மூன்றாம் தட்டு, ஏழாம் புத்தகம் என்பதை 3-7 என்று எக்செல் கட்டத்தில் அடித்தால் அது தேதி என்று நினைத்து மாற்றிவிடும். பத்து வரி கழித்துத்தான் கண்ணில் படும். த3-07 என்று முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் தொல்லை இல்லை.

இனி படிக்கலாம். படத்தைத் திரையில் 90 பாகை திருப்பிக்கொண்டால் கழுத்து வலிக்காது. ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு வகைக் கட்டங்கள் தேவை. முதுகில் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எழுத ஒன்று. அது இன்ன நூல் என்று பட்டியல்காரர் அடையாளம் காண்பதை எழுத இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்துவிடுவதுதான் இத்தகைய பட்டியல்களில் காணப்படும் பெரிய கோளாறு. கலந்த பிறகு எது படத்தில் இருந்தது, எது எழுதியவர் தலையில் இருந்தது என்று பிரிக்க யாராலும் முடியாது.

முதுகில் தெரியாத பகுதிக்கு மூன்று புள்ளி. தெரிந்தும் உறுதியில்லாத எழுத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. அதோடு ஏன் தெரியவில்லை என்பதை ஒரே சொல்லில் குறிக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் அறுந்துபோயிருந்தால் ‘வெட்டு’. நூலக ஒட்டுச்சீட்டோ, முன்னால் வைத்த பொருளோ மறைத்தால் ‘மறைவு’. ஒளி அடித்தோ கை ஆடியோ படம் கெட்டிருந்தால் ‘கலங்கல்’. புத்தகத்திலேயே மை போயிருந்தால், முதுகு கிழிந்திருந்தால் ‘அழிவு’. முதுகில் எழுத்தே அச்சிடப்படாமல் இருந்தால் ‘வெறுமை’.

‘படிக்க முடியவில்லை’ என்ற ஒரே சொல் போதாதா என்று கேட்கலாம். போதாது, ஏனென்றால் பரிகாரம் வேறு வேறு. வெட்டுக்குப் பக்கத்துப் படத்தைப் பார்த்தால் போதும். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. கலங்கலுக்கு இன்னொரு படம் வேண்டும். மறைவுக்கு யாராவது போய் மறைக்கும் பொருளை நகர்த்த வேண்டும். அழிவுக்கும் வெறுமைக்கும் எத்தனை படம் எடுத்தாலும் பயனில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்துத் திறந்தாக வேண்டும். இந்த ஒரு சொல்தான் பிறகு வீட்டாருக்கு அனுப்பும் வேலைப் பட்டியலாக மாறுகிறது.

எடுத்துக்காட்டுக்கு அந்த வீட்டின் மூன்றாம் தட்டில் இப்படி ஒரு வரிசை இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் புத்தகம் படத்தின் இடது ஓரத்தில் பாதி அறுந்து நிற்கிறது. தலைப்பு மேலிருந்து கீழாக ஓடுகிறது. தெரிவது ‘கரதிப்பனல்’. அப்படி ஒரு நூல் கிடையாது. எழுத்து எங்கே அறுந்தது என்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். மேலிருந்து கீழாக ஓடும் தலைப்பில் எழுத்துகளின் தலை வலப்பக்கமும் அடி இடப்பக்கமும் இருக்கும். ஆகவே படத்தின் இடது ஓரம் எழுத்தின் அடியை வெட்டுகிறது. தமிழில் உகரச் சுழியும் வாலும் அடியில்தான் இருக்கின்றன. கு, ரு, பு மூன்றும் வாலை இழந்து க, ர, ப என நின்றுவிட்டன. நூல் ‘குருதிப்புனல்’.

அதே நூலின் ஆசிரியர் பெயரில் ஒரு பகுதியை நூலக ஒட்டுச்சீட்டு மூடியிருக்கிறது. தெரிவது ‘…பார்த்தசாரதி’ மட்டும். தலைப்புத் தெரியாமல் இந்தப் பெயர் மட்டும் தெரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். தமிழ் அலமாரியில் ‘குறிஞ்சி மலர்’ எழுதிய நா. பார்த்தசாரதியும் இருப்பார், இந்திரா பார்த்தசாரதியும் இருப்பார். இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவலாசிரியர்கள்: முன்னவர் 1971இல் ‘சமுதாய வீதி’க்கு, பின்னவர் 1977இல் இதே ‘குருதிப்புனல்’ நாவலுக்கு. இங்கே தலைப்பு ஆசிரியரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

வலது ஓரத்தில் வெட்டுப்பட்டால் கதை தலைகீழ். அங்கே போவது எழுத்தின் தலை. புள்ளி போகும், இகர ஈகார வளைவு போகும், ஏகாரக் கொம்பின் மேல்சுழி போகும். ‘மோகமுள்’ என்பது ‘மொகமுள’ போலத் தெரியும். எழுத்துகளில் புள்ளியே காணவில்லை என்றால் அது வலது ஓர வெட்டா, புள்ளி மறையும் அளவுக்குச் சிறிய படமா என்று பார்க்க வேண்டும். பக்கத்து முதுகுகளில் புள்ளி இருந்தால் வெட்டு. எங்குமே இல்லையென்றால் படமே போதாது. பழைய நூல்களில் சில கீழிருந்து மேலாக எழுதப்பட்டிருக்கும். அவற்றில் இந்தக் கணக்கும் புரண்டுவிடும் என்பதை மறக்கக் கூடாது.

நான்காம் இடத்தில் ‘கோபல்ல’ வரை தெளிவு. அதற்குப் பிறகு ஜன்னல் வெளிச்சம் வெள்ளையாக அடித்திருக்கிறது. அடியில் கி. ராஜநாராயணன் பெயர். கை தன்பாட்டில் ‘கோபல்ல கிராமம்’ என்று எழுதப் போகும். நிறுத்த வேண்டும். அவருக்கு ‘கோபல்லபுரத்து மக்கள்’ என்ற தொடர்ச்சியும் உண்டு. 1991இல் விருது வாங்கியது அதுதான். இரண்டில் எது என்பதை இந்தப் படம் சொல்லவில்லை. வெள்ளைப் பட்டையின் நீளத்தைப் பார்த்து, இத்தனை எழுத்துதான் அடங்கும் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. எழுத்தின் அளவு தலைப்புக்குள்ளேயே மாறும் வழக்கம் நம் அட்டை ஓவியர்களுக்கு உண்டு என்பதால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. ஆசிரியர் உறுதி, தலைப்பு இரண்டில் ஒன்று, நிலை கலங்கல். அவ்வளவு எழுதினால் போதும்.

ஐந்தாம் இடத்திலிருந்து சில மெல்லிய கோடுகள். நடுவில் பின் அடித்த சிறு நூல்கள். இவற்றுக்கு முதுகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. எத்தனை என்று எண்ணுவதே கடினம். நாலு போலவும் ஐந்து போலவும் தெரிந்தால் ‘குறைந்தது 4’ என்று எழுதி, நாலு இட எண்ணை ஒதுக்கிவிட வேண்டும். தமிழ் வீடுகளில் இந்தச் சிறு நூல்களை அலட்சியப்படுத்துவது நல்லதல்ல. மாநாட்டு மலர், கட்சிப் பிரசுரம், கோயில் தல புராணம், பள்ளி ஆண்டு மலர் என்று வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை இந்த வடிவத்தில்தான் இருக்கும். தடித்த முதுகுள்ள நாவல் கடையில் கிடைக்கும்.

ஒன்பதாம் இடத்தில் ‘தண்ணீர்’. கீழ்ப்பாதிக்கு முன்னால் ஒரு சாமி படம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அது அசோகமித்திரனின் நாவலாக இருக்கலாம். சாமி படத்துக்குப் பின்னால் இன்னொரு ‘தண்ணீர்’ ஒளிந்திருந்தால் கோமல் சுவாமிநாதனின் நாடகம். இங்கே தெரிகிற பகுதியில் கலங்கலும் இல்லை, ஐயமும் இல்லை. நான்கு எழுத்தும் பளிச்சென்று தெரிகின்றன. ஆபத்து அதில்தான் இருக்கிறது. தலைப்பு முடிந்துவிட்டது என்பதற்குச் சான்று, அதற்குப் பின் வரும் வெற்றிடமோ ஆசிரியர் பெயரோ கண்ணில் படுவது. அது தெரியாதவரை மூன்று புள்ளி போட்டே ஆக வேண்டும்.

பத்தாம் இடத்தில் பழுப்புத்தாள் அட்டை. முதுகில் மையால் ‘பொ.செ. 3’. வீட்டுக்காரர் கையெழுத்து. பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகம், அதாவது ‘கொலை வாள்’ என்று அடையாளக் கட்டத்தில் ஐயமில்லாமல் எழுதலாம். எந்தப் பதிப்பு என்று மட்டும் சொல்ல முடியாது. 1950களின் தொடக்கத்தில் ‘கல்கி’ இதழில் தொடராக வந்தபோது பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. பழுப்புத்தாளுக்குள் இருப்பது கடையில் வாங்கிய நூலா, அப்படித் தைத்த கட்டா என்பது திறந்தால்தான் தெரியும். இதற்கு ‘வெறுமை’ பொருந்தாது. முதுகில் எழுத்து இருக்கிறது, ஆனால் அச்செழுத்து இல்லை. நிலைக் கட்டத்தில் ‘மறைவு’ என்றும் குறிப்பில் ‘கையெழுத்து’ என்றும் போட்டுவிட்டால் படிப்பவருக்குப் புரியும்.

பதினொன்றாம் முதுகில் ஆசிரியர் பெயர் கறுப்பில் நன்றாக இருக்கிறது. தலைப்பு இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடக்கிறது. வெயில் படும் தட்டில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும். கறுப்பும் நீலமும் நிற்கும். திரையில் படத்தை நெகட்டிவ் போல நிறம் மாற்றிப் பார்த்தால், அல்லது மாறுபாட்டைக் கூட்டினால், சில சமயம் சிவப்பு எழுத்தின் தடம் தெரியும். தெரிந்ததைக் கேள்விக்குறியுடன் எழுதலாம். தெரியவில்லை என்றால் ‘அழிவு’.

இவற்றில் சில பட்டியலில் ஏறும்போது இப்படி இருக்கும்:

```
இடம்     | தலைப்பு, உள்ளபடி | ஆசிரியர், உள்ளபடி | அடையாளம்                             | நிலை          | குறிப்பு
த3-01    | கரதிப்பனல்       | …பார்த்தசாரதி     | குருதிப்புனல், இந்திரா பார்த்தசாரதி  | வெட்டு, மறைவு
த3-04    | கோபல்ல…          | கி. ராஜநாராயணன்   | கிராமம் / புரத்து மக்கள்?            | கலங்கல்
த3-05–08 | (குறைந்தது 4)    |                   |                                      | வெறுமை
த3-09    | தண்ணீர்…         | …                 |                                      | மறைவு
த3-10    | பொ.செ. 3         |                   | பொன்னியின் செல்வன் 3, கல்கி          | மறைவு         | கையெழுத்து
```

த3-09 வரியில் அடையாளக் கட்டம் காலியாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். தெரியாததை ஊகித்து நிரப்பாமல் விட்ட கட்டம் அது.

ஆசிரியர் பெயரை எழுதுவதில் தமிழுக்கென்றே இரண்டு சிக்கல்கள். ஒன்று புனைபெயர். முதுகில் ‘சுஜாதா’ என்று இருந்தால் உள்ளபடிக் கட்டத்தில் சுஜாதாதான். எஸ். ரங்கராஜன் என்று அங்கே எழுதினால், அலமாரியில் தேடுகிறவர் ரங்கராஜனைத் தேடிக் களைத்துப் போவார். மற்றது, எழுத்தாளர் பெயரே தலைப்பாக இருக்கும் நூல்கள். சாகித்திய அகாதெமியின் ‘இந்திய இலக்கியச் சிற்பிகள்’ வரிசையில் முதுகில் பெரிதாக இருக்கும் பெயர் யாரைப் பற்றிய நூல் என்பதைச் சொல்கிறது. எழுதியவர் பெயர் சிறிதாக வேறோர் இடத்தில் இருக்கும். பெரிய பெயரை ஆசிரியர் கட்டத்தில் போட்டுத் தலைப்பைக் காணோமென்று மூன்று புள்ளி வைத்துவிடுவது சுலபமாக நடக்கக்கூடியது. திருக்குறளில் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வரும். ஒரே தட்டில் நாலு ‘திருக்குறள்’ இருந்தால் நாலுக்கும் ஆசிரியர் திருவள்ளுவர். பரிமேலழகரா, மு.வ.வா என்ற உரையாசிரியர் பெயர்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். அது முதுகில் இல்லையென்றால் ‘உரை: …’ என்று குறிப்புக் கட்டத்தில் எழுத வேண்டும்.

இப்போது அந்த ஒன்றன்மேல் ஒன்று ஏறிய படங்களுக்கு வருவோம். முதல் படத்தின் வலது ஓரத்தில் உள்ள நாலு புத்தகங்கள் இரண்டாம் படத்தின் இடது ஓரத்திலும் இருக்கும். ஓரத்தில் வெட்டுப்பட்டவை அங்கே முழுசாகத் தெரிவதால் ‘வெட்டு’ என்ற குறிகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே நீங்கிவிடும். ஆனால் இதே இடத்தில்தான் ஒரு புத்தகம் இரண்டு தடவை பட்டியலில் ஏறும். இரண்டு படத்திலும் உள்ள, கண்ணில் அடிக்கும் ஒரு முதுகைத் தேர்ந்தெடுத்து, அதை இணைப்புப் புத்தகமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தடித்த சிவப்பு அகராதி இருந்தால் சௌகரியம். இரண்டாம் படத்தின் எண்ணிக்கையை அதற்கு அடுத்ததிலிருந்து தொடரலாம். இரண்டு ‘மோகமுள்’ வந்தால் அது இரண்டு பிரதியா, ஒரே பிரதியின் இரண்டு படமா என்பதை அதன் இருபக்கத்து அண்டை நூல்கள் சொல்லிவிடும். அண்டை நூல்களும் அப்படியே திரும்ப வந்தால் ஒரே பிரதிதான்.

தட்டின் முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை இருக்கிறதா என்பது படத்தில் தெரியாது. புத்தகங்கள் பலகையின் விளிம்பு வரை முன்னே தள்ளிக்கொண்டு நின்றால் சந்தேகப்படலாம். அப்போது வீட்டாரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் நிலைக் கட்டத்தில் ஏதாவது எழுதப்பட்ட வரிகளை மட்டும் பிரித்தெடுத்து வீட்டாருக்கு அனுப்பலாம். ‘கலங்கல்’ உள்ளவற்றுக்குத் தட்டின் அந்தப் பகுதியை மட்டும் ஜன்னலை மூடிவிட்டு மீண்டும் ஒரு படம். ‘மறைவு’, ‘அழிவு’, ‘வெறுமை’ உள்ளவற்றை வெளியே எடுத்து, மேலட்டையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கத்தையும், அதன் பின்பக்கத்தில் உள்ள பதிப்பு விவரத்தையும் படமெடுக்கச் சொல்ல வேண்டும். நூலகங்கள் நூற்பெயரை எடுப்பது தலைப்புப் பக்கத்திலிருந்துதான். முதுகில் இடம் போதாமல் சுருக்கிய தலைப்பும் அங்கேதான் முழுசாக இருக்கும்.

பட்டியலின் தலையில் படம் எடுத்த தேதியை எழுதிவிடுங்கள். சரிபார்த்து முடியும்வரை எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்கும்படி வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு புத்தகம் இடம் மாறினாலும் அதற்கு அப்பால் உள்ள இட எண்கள் எல்லாம் பிசகிவிடும்.